'ஏதேனும்' வேண்டிய இடத்தில் 'எந்த': ஒரு மருத்துவமனைத் தாள் தந்த பாடம்

மூக்கு வழியாக டியூப் போட்டு உணவு கொடுக்கப்படும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, குடும்பத்தாருக்கு ஒரு அறிவுரைத் தாள் கொடுப்பார்கள். அப்படி ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினேன். அதில் ஒரு வரி: நோயாளியால் 'எனி' திட உணவு சாப்பிட முடிந்தால் எங்களிடம் சொல்லுங்கள், டியூப் தேவையா என்று பார்க்கிறோம். நான் எழுதியது: "எந்தத் திட உணவையும் சாப்பிட முடிந்தால் தெரிவிக்கவும்."

அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்த செவிலியர் கேட்டார்: "அப்படின்னா எல்லாத்தையும் சாப்பிடுற வரைக்கும் சொல்ல வேண்டாமா? ஒரு இட்லி இறங்கினாலே எங்களுக்குச் சொல்லணுமே." அவர் சொன்னதே சரி. அங்கே வர வேண்டியது "ஏதேனும் ஒரு திட உணவை". என் வரியை நம்பிய குடும்பம், தேவையே இல்லாத டியூபோடு நோயாளியை வாரக்கணக்கில் வைத்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் 'எனி' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, எதிர்மறை, கேள்வி, 'இஃப்' வரும் நிபந்தனை போன்ற இடங்களில் மட்டும் வாழும் வேலை. அங்கே அதற்கு 'ஒன்றாவது இருக்கிறதா' என்பதே பொருள். மொழியியலில் இதை எதிர்மறைச் சார்புச் சொல் என்கிறார்கள். மற்றது, 'எது வேண்டுமானாலும், நீயே பார்த்துக்கொள்' என்று கையை விரித்துக் காட்டும் தேர்வுப் பொருள். இது 'மே', 'கேன்' போன்ற சொற்களோடு சேர்ந்து வரும். டியூப் வரியில் 'இஃப்' என்பதும் 'கேன்' என்பதும் ஒன்றாகவே வந்துவிட்டன. அதனால் ஆங்கில வாக்கியம் இரண்டு பக்கமும் சாய்ந்தது. தமிழாக்குகிறவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

இதைப் பிரித்துப் பார்க்க நான் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். வகைப் பெயரை எடுத்துவிட்டு, அதற்குள் அடங்கும் ஒரு சின்னப் பொருளைப் போடுவேன். 'திட உணவு' இருந்த இடத்தில் 'இட்லி'. "ஏதேனும் திட உணவு சாப்பிட முடிந்தால் சொல்லுங்கள்" என்பது விதியானால், "இட்லி சாப்பிட முடிந்தால் சொல்லுங்கள்" என்பது தானாகவே அதற்குள் வந்துவிடும். ஆனால் "எந்தத் திட உணவையும்" என்பது விதியானால் வராது, ஏனென்றால் இட்லி மட்டும் இறங்கினால் போதாது. பெரிய வகையிலிருந்து சிறியதற்கு இப்படி உண்மை இறங்கும் இடங்களில்தான் எதிர்மறைச் சார்புச் சொற்கள் தழைக்கின்றன என்பதை மொழியியலாளர் வில்லியம் லாடுசா 1979-இல் தன் ஆய்வேட்டில் விளக்கினார். இன்னொரு சோதனை, 'எனி'க்கு முன்னால் 'கிட்டத்தட்ட' என்ற பொருள்தரும் சொல்லைச் சேர்ப்பது. தேர்வுப் பொருளில் அது இயல்பாக ஒட்டும், மற்றதில் இடறும். இது ஒரு அறிகுறிதான், முடிந்த தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

நம் மொழியும் இதே சிக்கலைத் தன் வழியில் வைத்திருக்கிறது. 'யாரும் வரவில்லை' என்றால் ஒருவர்கூட வரவில்லை. 'யாரும் வரலாம்' என்றால் தடையே இல்லை. வினாச்சொல்லும் 'உம்'மும் இரண்டிலும் ஒன்றுதான், அடுத்து வரும் வினையே பொருளைத் திருப்புகிறது. 'நேற்று யாரும் வந்தார்கள்' என்று யாரும் சொல்வதில்லை. நிபந்தனைக்குள் நாம் இயல்பாக 'யாராவது', 'ஏதேனும்' என்றே போவோம்: "யாராவது வந்தால் கூப்பிடு." என் பிழை அங்கேதான் நடந்தது.

தேர்வுப் பொருளுக்கென்றே நமக்கு ஒரு வடிவம் இருக்கிறது, 'வேண்டுமானாலும்'. விரும்புதல் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பானிய மொழியின் 'குவால்கியேரா'விலும் 'கியேரா' என்பது விரும்புவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததுதான். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு. 'எது வேண்டுமானாலும் சாப்பிடவில்லை' என்பது தமிழில் நிற்காது. ஆனால் "அவன் கண்டதையெல்லாம் சாப்பிட மாட்டான்" என்பது நிற்கும். சாப்பிடுவான், ஆனால் தேர்ந்தெடுத்து. "எதையும் சாப்பிட மாட்டான்" என்றால் பட்டினி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே 'எனி'தான், குரல் அழுத்தமோ 'ஜஸ்ட்' என்ற சொல்லோ வந்து பிரித்துக்காட்ட வேண்டும். அச்சிட்ட தாளில் அழுத்தம் தெரியாது.

செவிலியரோடு உட்கார்ந்து அந்த வரியை இப்படி மாற்றினோம்: "இட்லி, குழைந்த சாதம் போல ஏதேனும் ஒரு திட உணவையாவது நோயாளியால் விழுங்க முடிந்தால், உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லும்வரை டியூபை எடுக்காதீர்கள்." இரண்டாவது வாக்கியம் அவர் சேர்த்தது.