சால்வைக்குள் ஒரு அடுப்பு

“லண்டனிலிருந்து சென்னைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பயணம். அம்மாவுக்கு விமானக் குளிர் ஆகாது, மே மாதச் சென்னையில் இறங்கினால் வெந்துவிடுவார். வழியில் உடை மாற்றவும் முடியாது. என்ன உடுத்திவிடலாம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

தளர்வான பருத்திச் சுடிதார், கம்பளிக் காலுறை, மேலே ஒரு கம்பளிச் சால்வை போதும். விமானத்துக்குள் வெப்பநிலை 22 முதல் 24 டிகிரிதான். ஆனால் அசையாமல் உட்கார்ந்தே இருப்பதால் உடல் குறைவாகவே வெப்பம் உண்டாக்குகிறது. காற்றின் ஈரப்பதமும் 10-20 சதவீதம்தான், அதனால் தோலின் ஈரம் சட்டென்று ஆவியாகிக் குளிர்விக்கிறது. சால்வை தன் இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்து உடல் சூட்டைக் காக்கிறது. இதுவரை பள்ளிப் பாடம்.

“கம்பளி சூடு தராது, சூட்டைக் காக்கும், அவ்வளவுதான்” என்றும் அதே பாடம் சொல்லும். அது முழு உண்மை இல்லை. பாட்டிமார் “கம்பளி சூடு” என்று சொன்னதில் அறிவியல் இருக்கிறது.

கம்பளி இழை கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. இழையின் மேற்புறச் செதில்கள் நீர்த்துளியை உருட்டிவிடும், ஆனால் நீராவியை உள்ளே விடும். உள்ளே போன நீர் மூலக்கூறுகளைப் புரதம் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கிறது. நீராவி குளிர்ந்து நீராகும்போது வெப்பம் வெளிவருமே, இங்கேயும் அப்படித்தான், அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே. வியர்வை ஆவியாகிக் குளிர்விப்பதைத் திருப்பிப் போட்டது போல. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நீரை உள்ளே வைத்துக்கொண்டும், தொட்டால் காய்ந்த துணி போலவே இருக்கும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

சரி, அம்மாவின் 300 கிராம் சால்வைக்கு வருவோம். வறண்ட விமானத்தில் அதில் ஏறத்தாழ 15 கிராம் நீர்தான் மிஞ்சும். சென்னையின் 75 சதவீத ஈரப்பதத்தில் அது 50 கிராமைத் தாண்டும். உறிஞ்சும் அந்த 40 கிராம் அளவு நீர் சுமார் 100 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடும். சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் கால் மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அது. பாதியாவது காற்றில் போய்விடும், ஆனாலும் குடியேற்ற வரிசையில் நிற்பவருக்கு மீதியே அதிகம்.

பாலியெஸ்டரில் இது நடக்காது, அது அரை சதவீத நீரைக்கூட ஏற்பதில்லை. கம்பளி என்று கடையில் விற்பதில் அக்ரிலிக் என்ற செயற்கை இழையும் உண்டு, அதனால் லேபிளைப் பாருங்கள். அப்புறம், தரையிறங்கும் அறிவிப்பு வந்ததுமே சால்வையைக் கழற்றி, மடித்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி மூடிவிடச் சொல்லுங்கள். விமானக் கதவு திறந்து ஈரக்காற்று நுழையும்போது அந்த அடுப்பு பற்றவே பற்றாது.