தீபாவளிக்கு அடுத்த வாரம் மின்தேவைக் கணிப்பு ஏன் சறுக்குகிறது?

போன கட்டுரையைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தீபாவளி அன்று ஊரே விளக்குப் போட்டு ஜொலிக்கிறதே, அன்றைக்குக் கரண்ட் தேவை எகிறிவிடுமா?"

இல்லை, இறங்கும். தமிழ்நாட்டில் நல்ல இறக்கமாகவே இருக்கும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளும் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் மூடிக்கிடக்க, ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், அலுவலக ஏசிகள் ஓடாது. இவ்வளவும் நின்றதை வீட்டு வாசலில் எரியும் சீரியல் பல்புகள் ஈடுகட்ட முடியாது. இது எல்லாருக்கும் தெரிந்த இறக்கம்தான், கணிப்பவர்களும் எதிர்பார்த்தே இருப்பார்கள். எனக்குப் பிடித்த சிக்கல், பண்டிகை முடிந்து சரியாக ஒரு வாரம் கழித்து வருவது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்து வைக்க வழி குறைவு. உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி ஒத்துப்போனால்தான் கிரிட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். இந்தியாவில் ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்குக்கும் எவ்வளவு மெகாவாட் வேண்டும் என்று முந்தின நாளே திட்டம் போடுகிறார்கள். பற்றாக்குறையை மின்சாரச் சந்தையில் வாங்க வேண்டும் என்றால் மறுநாளைக்கான ஏலம் நண்பகலுக்குள் முடிந்துவிடும். அதாவது நாளை மாலை 7 மணிக்கான தேவையை இன்று காலையே சொல்லியாக வேண்டும், ஆனால் இன்று மாலை 7 மணிக்கு என்ன ஆனது என்பதே அப்போது தெரியாது. கையில் இருப்பது நேற்றைய 7 மணியும் அதற்கு முந்தியவையும்தான்.

அதனால் கணிப்பவர்கள் போன வாரத்தின் அதே கிழமை, அதே பிளாக்கை ரொம்பவே நம்புவார்கள். வியாழன் வியாழனைப் போலவும் ஞாயிறு ஞாயிறைப் போலவும்தான் இருக்கும், காலை ஏற்றம், மாலை விளக்கு வைக்கும் நேர ஏற்றம் எல்லாம் அதே இடத்தில் வரும். "போன வாரம் இதே நேரம் எவ்வளவோ, அவ்வளவே" என்று சொல்லும் மாடல்தான் இருப்பதிலேயே எளியது, ஆனால் சாதாரண வாரங்களில் அதைத் தோற்கடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

சரி, இப்போது 2024 தீபாவளியை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 31, வியாழக்கிழமை. கணக்கு புரிவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன், இவை பதிவான எண்கள் அல்ல: சாதாரண வியாழன் காலை 11 மணித் தேவை 16,000 மெகாவாட், தீபாவளி அன்று அது 12,500. நவம்பர் 7, அடுத்த வியாழன், எல்லா மில்லும் ஓடுகிறது. நம் எளிய மாடல் என்ன சொல்லும்? 12,500. உண்மையில் வேண்டியது 16,000. பண்டிகையே இல்லாத ஒரு நாளில் 3,500 மெகாவாட் குறைவாகக் கணித்துவிட்டோம். பண்டிகையின் எதிரொலி அது.

கொஞ்சம் புத்திசாலியான மாடல் போட்டால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஒரே வாரத்தை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு வாரமும் வந்த பிழையில் 0.3 பங்கை மட்டும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் மாடல் என்று வைப்போம். பருவகால ARIMA, எக்ஸ்பொனென்ஷியல் ஸ்மூதிங் என்று பழைய மதிப்புகளை வைத்தே அடுத்ததைக் கணிக்கும் மாடல்கள் பலவும் உள்ளே கிட்டத்தட்ட இதைத்தான் செய்கின்றன. தீபாவளி அன்று பிழை 3,500. அதில் 0.3 பங்கு 1,050, ஆகவே நவம்பர் 7-க்கான கணிப்பு 14,950 என்று வரும். அன்று 1,050 குறைந்தது தெரிந்ததும் மாடல் மறுபடி 0.3 பங்கு திருத்திக்கொள்ளும், அதனால் 14-ஆம் தேதி 735 குறையும், 21-ஆம் தேதி சுமார் 515. ஆக எதிரொலி சின்னதானது, ஆனால் ஒரே வாரத்தில் முடியாமல் மாதம் முழுக்க இழுக்கிறது. இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் 500 மெகாவாட் குறைவு என்றால் "மழைக்காலம், ஏதோ வானிலை" என்று யாரும் கடந்து போய்விடுவார்கள்.

ஆகவே பிழைகளைத் தேதிவாரியாக வரைந்து, விடுமுறைக்குப் பிந்தைய 7, 14, 21-ஆம் நாட்களைத் தனியாகப் பாருங்கள். ஒரே திசையில் தேய்ந்துகொண்டே போகும் பிழை தெரிந்தால் அது எதிரொலிதான்.

தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. தேவையை மூன்று துண்டாகப் பிரிக்க வேண்டும்:

```
y(t) = வானிலை(t) + விடுமுறை(t) + n(t)
```

இதில் `y(t)` மொத்தத் தேவை, `n(t)` என்பது வானிலையின் பங்கையும் விடுமுறையின் பங்கையும் கழித்தபின் மிஞ்சுவது. வாரச் சுழற்சியையும் பழைய நினைவையும் `n(t)` மீது மட்டும் ஓட்ட வேண்டும், `y(t)` மீது அல்ல. தீபாவளியின் விளைவு -3,500 என்று மாடலுக்குத் தனியாகத் தெரிந்திருந்தால், வானிலையின் பங்கைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டால், அன்றைய `n` பழையபடி 16,000-க்கே வந்துவிடுகிறது. அடுத்த வியாழன் திரும்பிப் பார்க்கும்போது அங்கே பள்ளமே இருக்காது. வெறுமனே விடுமுறைக்கு 0, 1 என்று ஒரு குறி சேர்த்துவிட்டு, போன வாரத்து `y`-யையும் அப்படியே உள்ளீடாகக் கொடுத்தால் இது நடக்காது. அந்தக் குறி தீபாவளி நாளை மட்டும் சரிசெய்யும், நவம்பர் 7 முன்பு போலவே சறுக்கும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஆனால் அந்த -3,500-ஐ எப்படித் தெரிந்துகொள்வது? தீபாவளி வருடத்துக்கு ஒன்றுதான், அதுவும் கிழமை மாறி மாறி வரும். 2022-இல் திங்கள், 2023-இல் ஞாயிறு, 2024-இல் வியாழன். ஞாயிறு ஏற்கெனவே தேவை குறைந்த நாள், அதனால் அன்று கூடுதல் இறக்கம் சிறிதாகவே தெரியும். 2024-இல் வெள்ளிக்கிழமைக்கும் அரசு விடுமுறை அறிவித்ததால் நான்கு நாள் தொடர் விடுப்பாகிவிட்டது. ஆகவே தீபாவளியை "ஞாயிறு மாதிரி ஒரு நாள், அதோடு கொஞ்சம் கூடுதல்" என்று வைப்பது நல்லது. அந்தக் கூடுதலை மட்டும் சில வருடத் தரவிலிருந்து கணிக்கலாம்.

அப்புறம் வானிலை. தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு ஒட்டி வருகிறது. மழை பெய்தால் ஏசி குறையும், வயலில் பம்புசெட்டும் ஓடாது. வெப்பநிலையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மழை குறைத்ததையும் மாடல் தீபாவளியின் கணக்கில் எழுதிவிடும், மழை இல்லாத தீபாவளிக்குத் தப்பான எண்ணைத் தரும். நம் ஊரில் ரூம் ஹீட்டர் கிட்டத்தட்ட இல்லை, அதனால் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேலே போனால் மட்டும் தேவை ஏறும் என்று வைத்தால் போதும். கூடவே முந்தைய இரண்டு நாள் வெப்பத்தையும் சேர்க்க வேண்டும், காய்ந்த சுவர் இரவிலும் சூடாகவே இருக்கிறது.

வரலாறே இல்லாத நாளும் வரும். 2020 ஏப்ரல் 5, ஞாயிறு இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கணைக்கச் சொன்னார் பிரதமர். 12,000 முதல் 14,000 மெகாவாட் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், நாடு முழுக்க 31,000 மெகாவாட்டுக்கு மேல் குறைந்தது. நீர்மின் நிலையங்களைச் சட்டென்று இறக்கி ஏற்றித்தான் கிரிட்டைக் காப்பாற்றினார்கள். பழைய தரவில் அப்படி ஒரு இரவே கிடையாது, எந்தக் காலத்தொடர் மாடலாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்தப் பள்ளத்தைத் தரவில் குறித்து வைக்காமல் விட்டால், ஏப்ரல் 12 ஞாயிறு இரவு 9 மணிக்கும் மாடல் ஒரு பள்ளத்தைத் தோண்டி வைத்திருக்கும்.

இதையெல்லாம் நம் கல்லூரி மாணவர்கள் சொந்த மாநிலத் தரவில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மாவட்ட அளவில், 15 நிமிடத் தேவையைக் கணினி நேரடியாகப் படிக்கும் வடிவத்தில், பல வருடத்துக்குச் சேர்த்து யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். மக்கள் பணத்தில் ஓடும் மீட்டர்கள் எழுதியதுதானே அது. பக்கத்திலேயே விடுமுறை அறிவிப்புகளையும் தேதியோடு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.