போணிச் செலவு: ‘காஸ்ட் பெர் ஃபர்ஸ்ட் ஃபண்டட் டிரான்ஸ்ஃபர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

வெளிநாட்டில் வேலை செய்வோர் ஊருக்குப் பணம் அனுப்பும் செயலிகளுக்குச் சென்னையிலிருந்து விளம்பரம் நடத்தும் அலுவலகங்களில் இந்த ஆங்கிலத் தொடர் நாள்தோறும் புழங்குகிறது. சிங்கப்பூரில் இருக்கும் கட்டடத் தொழிலாளிக்குத் தமிழில் விளம்பரம் எழுதுகிறவர்கூட, அந்த விளம்பரம் தேறியதா என்று பேசும்போது ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். தொடரின் பொருள் எளியது. ஒரு விளம்பரத்துக்குச் செலவழித்த தொகையை, அதன் வழியாக வந்தவர்களில் எத்தனை பேர் தம் முதல் அனுப்புகைக்கு உண்மையிலேயே பணம் கட்டினார்களோ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது அது. செயலியில் பெயரைப் பதிந்தவர்கள் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். அடையாள அட்டையைப் படம் எடுத்து ஏற்றியவர்களும், அனுப்பும் தொகையைத் தட்டச்சிட்டு உறுதி செய்தவர்களும்கூடச் சேர மாட்டார்கள்.

இந்தக் கறாருக்குக் காரணம் ‘ஃபண்டட்’ என்ற நடுச்சொல்லில் இருக்கிறது. சிங்கப்பூரில் செயலி வழியாகப் பணம் அனுப்புகிறவர் தொகையையும் பெறுநரையும் குறித்தவுடன் பணம் நகர்ந்துவிடுவதில்லை. அவர் தம் வங்கிச் செயலிக்குப் போய், பேநவ் என்ற உடனடிப் பணம் செலுத்தும் வசதி வழியாக அந்தத் தொகையைச் சேவை நிறுவனத்தின் கணக்கில் செலுத்த வேண்டும். அதுவரை அந்த அனுப்புகை வெறும் ஆணையாகத்தான் காத்திருக்கிறது. குறித்த நேரத்துக்குள் பணம் வராவிட்டால் காலாவதியாகிவிடும். அன்றைய மாற்று விலையைப் பார்ப்பதற்காகவே ஆணையிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. தொழிலாளியின் கணக்கிலிருந்து பணம் கிளம்பி நிறுவனத்தின் கணக்கில் ஏறும் அந்த நொடியிலிருந்துதான் அனுப்புகை ‘ஃபண்டட்’ ஆகிறது.

‘ஃபண்ட்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியின் ‘ஃபுண்டுஸ்’. அதற்கு அடிப்பகுதி என்றும், நிலம் என்றும் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒரு காரியத்துக்கென்று அடியில் போட்டு வைத்த பணத்தைக் குறிக்கலாயிற்று. தமிழ் அகராதிகள் இதற்கு ‘நிதி’ என்று தருவதால், மொழிபெயர்ப்பாளர்கள் ‘நிதியளிக்கப்பட்ட முதல் பரிமாற்றம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. தமிழில் ‘நிதியளித்தல்’ என்றால் ஒருவருக்கு வேறொருவர் பணம் கொடுத்தல்; அரசு ஒரு திட்டத்துக்கு நிதியளிக்கும், அறக்கட்டளை ஒரு பள்ளிக்கு நிதியளிக்கும். இங்கே தொழிலாளி தம் சம்பளத்திலிருந்து தாமே கட்டுகிறார். ‘நிதியளிக்கப்பட்ட’ என்று படிக்கிறவர், யாரோ அவருக்காகப் பணம் போட்டார்கள் என்று எண்ணவே இடமிருக்கிறது.

‘முதல்’ என்ற சொல் இன்னும் சுவையானது. தமிழில் அது வரிசையில் முன் நிற்பதையும் குறிக்கும், தொழிலில் போட்ட பணத்தையும் குறிக்கும். முதலீடு, முதலாளி, ‘முதலுக்கே மோசம்’ எல்லாம் இந்த இரண்டாவது பொருளில் வருவன. இலத்தீன் சொல் அடியிலிருந்து பணத்துக்குப் போனதைப் போலவே, தமிழ்ச் சொல்லும் தொடக்கத்திலிருந்து பணத்துக்குப் போயிருக்கிறது. ஆங்கிலத் தொடரின் ‘ஃபர்ஸ்ட்’, ‘ஃபண்ட்’ இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல் தாங்குகிறது என்று மகிழலாம். ஆனால் கலைச்சொல்லுக்கு அதுவே இடையூறு. ‘முதல் அனுப்புகை’ என்று மட்டும் எழுதினால் முதன்முறை ஆணையிட்டதும் அதில் அடங்கிவிடும், பணம் ஏறியதும் அடங்கிவிடும். பணம் ஏறியதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

பழைய சொல் ஒன்றைத் தூசி தட்டலாம் என்றால் ‘உண்டியல்’ நினைவுக்கு வரும். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய நகரத்தார் கையாண்ட அந்தப் பணமுறிக்குக் கடலைக் கடந்து பணத்தைச் சேர்ப்பித்த வரலாறு உண்டு. ஆனால் வெளிநாட்டுத் தமிழர் பேச்சில் இன்று ‘உண்டியலில் போட்டேன்’ என்றால் வங்கிக்கு வெளியே, சட்டத்துக்குப் புறம்பாக அனுப்பினேன் என்றே பொருள். உரிமம் பெற்ற சேவையின் அறிக்கையில் அதற்கு இடம் இல்லை.

நான் பரிந்துரைப்பது இரண்டு சொற்கள். எழுத்து வழக்கில் ‘பணம் கட்டிய முதல் அனுப்புகைக்கான செலவு’. ‘கட்டு’ என்பது கட்டணம், தவணை, மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் வினை, கட்டுகிறவர் தம் கைக்காசைத்தான் கட்டுகிறார். அலுவலகப் பேச்சுக்கு ‘போணிச் செலவு’. தெலுங்கிலும் ‘போணி’ என்றும், இந்தியில் ‘போஹனி’ என்றும் வழங்கும் இச்சொல், கடை திறந்தபின் நடக்கும் முதல் விற்பனையைக் குறிக்கிறது. தியாகராய நகரில் காலையில் கடைக்குள் நுழைந்து பத்துப் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெளியேறுகிறவரைக் கடைக்காரர் போணியில் சேர்ப்பதில்லை. கல்லாவில் காசு விழ வேண்டும். ‘ஃபர்ஸ்ட்’, ‘ஃபண்டட்’ இரண்டையும் இந்தச் சொல் குழப்பமின்றிச் சுமக்கிறது. நாளின் முதல் விற்பனை என்ற பொருளை, ஒரு வாடிக்கையாளரின் முதல் கட்டல் என்று சற்று நகர்த்திக்கொள்கிறோம், அவ்வளவே.

கணக்கில் இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் உள்ள தமிழ்த் தொழிலாளர்களுக்கு இரண்டு விளம்பரங்கள் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் 2,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், செலவு. ஒன்றின் வாசகம் ‘முதல் அனுப்புகைக்கு 5 வெள்ளி பரிசு’. மற்றொன்று அன்றைய மாற்று விலையையும் கட்டணத்தையும் காட்டி, 500 வெள்ளி கட்டினால் வீட்டில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று மட்டும் சொல்கிறது. பரிசு விளம்பரத்துக்கு 800 பேர் பதிகிறார்கள், விலை விளம்பரத்துக்கு 250 பேர். பதிவுக்கு ஆன செலவு முன்னதில் 2.50 வெள்ளி, பின்னதில் 8 வெள்ளி. பதிவைக் கொண்டு தீர்ப்பெழுதும் மேலாளர் விலை விளம்பரத்தை அன்றே நிறுத்திவிடுவார்.

பணம் கட்டியவர்களைப் பார்த்தால், பரிசு விளம்பரத்தில் 32 பேர், விலை விளம்பரத்தில் 80 பேர். போணிச் செலவு முன்னதில் 62.50 வெள்ளி, பின்னதில் 25 வெள்ளி. பரிசாகக் கொடுத்த 5 வெள்ளியும் வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவுதான் என்பதால் அதையும் சேர்த்தால் முன்னது 67.50 ஆகிறது. சில நிறுவனங்கள் அந்தப் பரிசை வேறு கணக்குத் தலைப்பில் எழுதி இந்த எண்ணைச் சிறிதாகக் காட்டுவதுண்டு. அறிக்கையைப் படிக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பரிசு விளம்பரம் இப்படி ஏமாற்றுவதற்கு அதன் வாசகம் மட்டும் காரணமன்று. மெட்டாவின் விளம்பர அமைப்பிடம் `CompleteRegistration` என்ற நிகழ்வை இலக்காகக் கொடுத்தால், எளிதில் பதிந்துவிடும் இயல்புள்ளவர்களைத் தேடித்தேடி அது விளம்பரத்தைக் காட்டும். கேட்டதைத்தான் அது கொண்டுவருகிறது. அப்படியானால் பணம் கட்டிய நிகழ்வையே இலக்காகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தடை எண்ணிக்கையில் இருக்கிறது: ஒரு விளம்பரத் தொகுப்பு கற்றல் நிலையைத் தாண்ட வாரத்துக்கு ஏறத்தாழ 50 இலக்கு நிகழ்வுகள் வேண்டும் என்பது மெட்டாவின் வழிகாட்டுதல். நம் விலை விளம்பரத்தில் முதல் வாரத்துக்குள் பணம் கட்டியவர்கள் 22 பேர் மட்டுமே என்று வைத்துக்கொண்டால், அமைப்பு பழகுவதற்கே அது போதாது. ஆகவே இடையில் ஒரு படியைத் தேர்ந்து இலக்காகக் கொடுக்கிறார்கள்.

எந்தப் படி என்பதில்தான் அனுபவம் பேசும். அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததை எடுத்துக்கொண்டால், பரிசுக்காக வந்தவர்களும் அட்டையைப் படம் எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் அவர்களில் 300 பேரும், விலை விளம்பரத்தில் 190 பேரும் சரிபார்ப்பை முடிக்கிறார்கள் என்றால், அந்த அளவிலும் தவறான விளம்பரமே வெல்லும். பெறுநரின் வங்கிக் கணக்கைச் சேர்ப்பது வேறு வகை உழைப்பு. மனைவிக்கோ அப்பாவுக்கோ அழைத்து, பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் படிக்கச் சொல்ல வேண்டும். அனுப்பும் எண்ணம் இல்லாதவர் அந்தப் பாட்டைப் படமாட்டார். அந்தப் படியில் முன்னது 70, பின்னது 150 என்று வந்தால், இறுதிக் கணக்கின் சாயல் அதில் தெரிகிறது. அமைப்புக்கு இலக்காக அதைக் கொடுக்கலாம். தீர்ப்பை மட்டும் போணிச் செலவுக்கே விட்டுவைக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பை எப்போது எழுதுவது என்பது தனிச் சிக்கல். சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். ஆகவே பலருக்கு மாதத் தொடக்கத்தில் பணம் கைக்கு வந்து, உடனே ஊருக்குக் கிளம்பிவிடுகிறது. பரிசு விளம்பரம் 3ஆம் தேதியும் விலை விளம்பரம் 12ஆம் தேதியும் தொடங்கியதாக எண்ணுங்கள். 12ஆம் தேதிக்குப் பின் பதிந்தவருக்கு விருப்பம் இருந்தாலும் கையில் காசு இராது. அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்கிறார். சொடுக்கியதிலிருந்து 7 நாள் என்று விளம்பர அறிக்கை வழக்கமாக வைத்திருக்கும் எல்லைக்குள் பரிசு விளம்பரம் 26 பேரைக் காட்டி 77 வெள்ளி என்று நிற்கும். விலை விளம்பரம் அதே 22 பேரைக் காட்டி 91 வெள்ளி என்று தோற்கும். அளவு சரியானது, நாள் தவறானது. ஒவ்வொருவரும் பதிந்த நாளிலிருந்து 35 நாள் பொறுத்து எண்ணினால் எல்லோருக்கும் ஒரு சம்பள நாளாவது உள்ளே வந்துவிடும். மேலே சொன்ன 32, 80 என்ற எண்கள் அப்படி எண்ணியவையே. இந்த நெடுங்கணக்கு விளம்பர அறிக்கையில் கிடைக்காது. சேவை நிறுவனத்தின் சொந்தத் தரவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எண்ணும்போது ‘முதல்’ யாருக்கு முதல் என்பதையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி எண்ணை வைத்து எண்ணினால், சிம் மாற்றிய பழைய வாடிக்கையாளர் மீண்டும் புதியவராகி, இன்னொரு பரிசும் பெற்றுவிடுவார். வேலை அனுமதி அட்டையில் உள்ள எஃப்ஐஎன் என்ற வெளிநாட்டவர் அடையாள எண்ணை வைத்து எண்ணுவதே சரி. பணம் கட்டியும் பெறுநர் பெயர் பொருந்தாமல் திருப்பித் தரப்பட்ட அனுப்புகைகளைக் கழித்துவிட வேண்டும். விற்ற சரக்கு அன்றே திரும்பி வந்தால் கடைக்காரரும் அதைப் போணி என்று சொல்வதில்லை.