மழை விட்ட காலையில் சாலையில் நெளியும் மண்புழுக்கள்

இரவெல்லாம் மழை கொட்டிய மறுநாள் காலையில், வாசல் சிமென்ட்டிலும் தார்ச்சாலை ஓரத்திலும் மண்புழுக்கள் நெளியும். வெயில் ஏறிவிட்டால் அவையே காய்ந்த நூல்போலச் சுருண்டு கிடக்கும். வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, மூழ்கிச் சாகாமலிருக்க மேலே வந்துவிட்டன என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் அது ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் காற்றோட்டம் உள்ள தண்ணீரில் போட்டாலும் பல இனங்கள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆபத்து மண்ணுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. தீர்ந்ததை ஈடுகட்ட மேலிருந்து புதிதாக வருவதும் எளிதல்ல. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. ஒரு சிறு தூறல் புழுவை மேலே வரவழைக்காததும், மண் துளைகள் முழுக்க நிரம்பும்படி பெய்த அடைமழை வரவழைப்பதும் இதனால்தான்.

அப்படியானால் மண்ணிலிருக்கும் எல்லாப் புழுக்களும் வரவேண்டுமே, ஏன் சில மட்டும் வருகின்றன? இதற்குத் தைவானில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. அங்கே இரண்டு இனங்களை ஒப்பிட்டார்கள். அமிந்தாஸ் கிராசிலிஸ் அதிக ஆக்சிஜன் செலவழிக்கும் இனம். அதிலும் பகலைவிட இரவில் அதன் தேவை கூடுகிறது. தண்ணீரில் மூழ்கினால் அதனால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை, கனமழை இரவுகளில் மேலே வந்துவிடுகிறது. மற்றொன்றான பான்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ் குறைந்த ஆக்சிஜனிலேயே காலம் தள்ளும். அது மண்ணுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. ஆக, சாலையில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் மூச்சுத்தேவை அதிகமுள்ள இனங்கள். விடியற்காலையில் கூட்டமாகக் கிடப்பதற்கும் இரவில் கூடும் அந்தத் தேவையே ஒரு காரணம்.

மூச்சுக்காக மட்டுமின்றி இடம் மாறவும் சில புழுக்கள் வெளியே வருகின்றன என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. உலர்ந்த தரையில் ஊர்ந்தால் தோல் காய்ந்துவிடும். நிலம் முழுக்க நனைந்திருக்கும் இரவில், மண்ணைத் துளைத்துப் போவதைவிட மேலே ஊர்ந்து போவது எளிது.

உண்மையில் புழுவைக் கொல்வது நாம் போட்ட தரைதான். ஈரமாக இருக்கும்வரை சிமென்ட்டும் மண்ணும் புழுவுக்கு ஒன்றே. ஆனால் திரும்பவும் உள்ளே இறங்கத் துளைக்க இடமில்லை. நடைபாதையின் கல் விளிம்பில் முட்டி, அதை ஒட்டியே நெடுக ஊர்ந்துகொண்டிருக்கும். வெயில் வந்ததும் புற ஊதாக் கதிர் தோலைத் தாக்கி, நெளியவிடாமல் முடக்கிவிடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சும் நின்றது.

காப்பாற்ற நினைப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் செய்யவேண்டும். முதலில் ஈரக் குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், சுருங்கினால் உயிர் இருக்கிறது. ஈர இலையிலோ நனைத்த கையிலோ எடுத்து, தண்ணீர் தேங்காத நிழல்மண்ணில் விட்டு, மேலே நாலு சருகைப் போடுங்கள். குழி தோண்டிப் புதைக்கவேண்டாம், தெம்பு இருந்தால் தானே இறங்கும். தேங்கிய குட்டையில் போடுவது தப்பிவந்த இடத்துக்கே திருப்பி அனுப்புவதுபோல.

ஒவ்வொரு மழைக்கும் உங்கள் தோட்டத்தின் ஒரே மூலையிலிருந்து புழுக்கள் வந்தால், அந்த மண் இறுகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மழை ஓய்ந்த ஓரிரு நாளில் அங்கே ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைவென்றால் வடிகால் சரியில்லை. வெட்டிய மண் சாம்பல் நீலமாக, அழுகிய முட்டை வாடையோடு இருந்தால் ஆக்சிஜன் அற்றுப்போன மண் என்பது உறுதி. அங்கே நடமாட்டத்தைக் குறைத்து, மக்கிய தொழுவுரம் கலந்து, தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

மழையே இல்லாமல், பட்டப்பகலில், புழுக்கள் மேலே வந்து துடித்தால் கதை வேறு. அண்மையில் அந்தப் பாத்தியில் கார்போபியூரான் போன்ற பூச்சிமருந்துக் குருணை போட்டார்களா என்று விசாரியுங்கள். அந்த மருந்து பட்ட புழுவின் உடல் ஆங்காங்கே வீங்கியிருக்கும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள், கோழிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.