ஆம்ஃபிபொலி: தமிழில் தொடர் மயக்கம்

ஒரு தொடரில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் தெளிவாகவே இருக்கும். ஆனாலும் எது எதனோடு சேர்கிறது என்பது தெளிவாக இல்லாததால் தொடர் இரண்டு பொருள் தரும். இந்தக் குறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஆம்ஃபிபொலி. 'ஆம்ஃபி' என்றால் இருபுறமும், 'பல்லெய்ன்' என்றால் எறிதல். இவ்விரு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது அது. பேச்சில் வரும் போலி வாதங்களை வகைப்படுத்திய அரிஸ்டாட்டில், மொழியால் நேர்பவை ஆறு என்று எண்ணி, அவற்றுள் ஒன்றாக இதை வைத்தார். ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பதால் வரும் குழப்பத்தை அவர் தனியாகப் பிரித்தார். அந்தப் பிரிப்பு முக்கியமானது. 'ஆறு' என்பது நதியா எண்ணா என்ற ஐயம் சொல்லில் இருக்கிறது. ஆம்ஃபிபொலி சொல்லில் இல்லை, சொற்கள் கோக்கப்பட்ட முறையில் இருக்கிறது.

ஐரோப்பியர் இதற்கு வழக்கமாகக் காட்டும் சான்று, பிர்ரஸ் என்ற கிரேக்க மன்னனுக்கு அப்போலோ தெய்வத்திடமிருந்து கிடைத்ததாகச் சொல்லப்படும் குறிவாக்கு. கி.மு. 280இல் ரோமானியரோடு போரிட இத்தாலிக்குப் போனவன் அவன். எனியஸ் என்ற லத்தீன் கவிஞர் பாடிய அந்த வாக்கில் 'உன்னை', 'ரோமானியரை' என இரண்டு பெயர்களுமே இரண்டாம் வேற்றுமையில் நிற்கின்றன. லத்தீன் இலக்கணப்படி நீ ரோமானியரை வெல்வாய் என்றும் படிக்கலாம், ரோமானியர் உன்னை வெல்வர் என்றும் படிக்கலாம். ரோமானியப் பேச்சாளர் சிசரோ இதை எடுத்துக்காட்டிவிட்டு, அப்போலோ தெய்வம் லத்தீனில் பேசியதே இல்லையே என்று கிண்டல் செய்கிறார். கதை பொய்யாக இருக்கலாம். இலக்கணச் சிக்கல் மெய்.

லத்தீனில் இரு பெயருக்கும் ஒரே உருபு வந்ததால் குழப்பம். தமிழில் உருபே வராமல் போவதால் குழப்பம். 'புலி கொன்ற யானை' என்ற தொடர் நம் இலக்கண உரைகளில் பழகிப்போன ஒன்று. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் இத்தகைய தொடரில் வரும் வினையைத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்கிறது. 'தடுமாறு தொழிற்பெயர்க்கு இரண்டும் மூன்றும் கடிநிலை இலவே பொருள்வயினான' என்பது நூற்பா. இரண்டாம் வேற்றுமைப் பொருளும் மூன்றாம் வேற்றுமைப் பொருளும் அங்கே வரலாம், தடையில்லை என்று அது சொல்கிறது. தொழில் யாருடையது என்பது இரு பெயருக்கும் இடையே தடுமாறுவதால் அந்தப் பெயர்.

எது கருதப்பட்டது என்று அறியும் வழியையும் அடுத்த நூற்பாவே தருகிறது: 'ஈற்றுப்பெயர் முன்னர் மெய்யறி பனுவலின் வேற்றுமை தெரிப உணருமோரே.' இறுதிப் பெயரை அடுத்து வரும் சொற்களைக் கொண்டு அறிவுடையோர் வேற்றுமையைத் தெரிந்துகொள்வர் என்பது கருத்து. 'புலி கொன்ற யானை ஓடுகிறது' என்றால் யானை உயிரோடு இருக்கிறது; ஆகவே கொன்றது அதுதான். 'புலி கொன்ற யானையின் கொம்பு வந்தது' என்றால் செத்தது யானை. செய்தித்தாளில் தலைப்பு வைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள நூற்பா இருக்க முடியாது என்பேன். ஏனென்றால் தலைப்பு இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று வெட்டுவது பெரும்பாலும் இந்தப் பின்வரும் சொற்களைத்தான்.

இக்காலத் தமிழில் மனிதரைக் குறிக்கும் பெயர் செயப்படுபொருளாக வரும்போது 'ஐ' உருபை விடுவதில்லை. 'அமைச்சர் தாக்கிய' என்று எழுதிவிட்டு 'அமைச்சரைத் தாக்கிய' என்று பொருள்கொள்ள யாரும் ஒப்பமாட்டார்கள். விலங்கு, பொருள் ஆகியவற்றின் பெயர்களில்தான் உருபு உதிர்கிறது. எனவே 'சிறுத்தை கொன்ற நாய்கள்' போன்ற தலைப்பில் தடுமாற்றம் இன்னும் உண்டு. ஆட்களைப் பற்றிய தலைப்புகளில் மயக்கம் வேறு வழியாக நுழைகிறது. அது பெயரெச்சத்தின் வழி.

'தலைமறைவான கவுன்சிலரின் தம்பி கைது' என்று ஒரு தலைப்பை வைத்துக்கொள்வோம். தலைமறைவானது யார்? 'தலைமறைவான' என்ற எச்சம் அருகில் உள்ள கவுன்சிலரையும் தழுவலாம், அவரைத் தாண்டி 'தம்பி'யையும் தழுவலாம். பெயரெச்சம் பால் காட்டாது, எண் காட்டாது. ஆகவே வடிவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முதல் பொருளில் கவுன்சிலர் தேடப்படுபவர், இன்னும் பிடிபடவில்லை. இரண்டாம் பொருளில் கவுன்சிலர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஓடி ஒளிந்த தம்பி அகப்பட்டுவிட்டான், அவ்வளவே. ஒரு மனிதரின் நற்பெயர் ஓர் எச்சத்தின் தாவலில் தொங்குகிறது.

இதில் தொல்காப்பியர் சொன்ன வழியை முயன்று பார்த்தால் 'கைது' என்பது பாதி உதவியே செய்கிறது. பிடிபட்டவன் தம்பி என்பதால் ஒளிந்திருந்தவனும் அவனாகலாம். ஆனால் அண்ணன் கிடைக்காததால் உடந்தையாக இருந்த தம்பியைப் பிடித்தார்கள் என்றும் கொள்ளலாம். எனவே செய்தியின் உள்ளே போக வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது காலம். 'தலைமறைவாக உள்ள' என்று எழுதியிருந்தால் இன்னும் வெளியே இருப்பவர் ஒருவர் உண்டு, அவர் கவுன்சிலர்தான். 'தலைமறைவாக இருந்த' என்று எழுதியிருந்தால் ஒளிவு முடிந்துவிட்டது, பெரும்பாலும் தம்பி. தலைப்பில் உள்ள 'தலைமறைவான' இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. திருத்தவும் அதிக இடம் வேண்டாம். 'கவுன்சிலர் தலைமறைவு, தம்பி கைது' என்றோ, 'தலைமறைவாக இருந்த தம்பி கைது: கவுன்சிலர் வீட்டில் சிக்கினார்' என்றோ, உண்மை எதுவோ அதன்படி எழுதலாம். இரண்டாவதில் எந்த இடத்தில் சிக்கினார் என்பது செய்தியில் இருந்தால்தான் அந்தப் பின்பகுதி.

அறிவிப்புப் பலகைகளில் வேறு இரண்டு வகைகள் அடிக்கடி கண்ணில் படும். 'ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் ஊழியர்களும் நேரில் வரவும்' என்பது ஒன்று. பணியில் உள்ள ஊழியர் வர வேண்டுமா? அறிவிப்பின் நோக்கம் ஓய்வூதியம் என்றால் வேண்டாம். நோக்கம் எழுதப்படவில்லை என்றால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஊழியர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும்' என்று முறை மாற்றினால் ஒரு பொருள் உறுதியாகிவிடும். மற்றொன்று 'எல்லாக் கடைகளும் திறக்கப்படவில்லை'. ஒன்றுகூடத் திறக்கவில்லையா, சில திறந்திருந்தனவா? முதல் பொருளுக்கு 'எந்தக் கடையும்' என்ற வடிவம் தமிழில் தயாராக இருக்கிறது. இரண்டாவதற்குச் 'சில கடைகளே திறந்திருந்தன' என்று சொல்லிவிடலாம்.

சரி, தமிழ்ச் சொல் எது? 'சிலேடை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. சிலேடையும் இரட்டுற மொழிதலும் வேண்டுமென்றே செய்பவை, புலவரின் திறமை. ஆம்ஃபிபொலி எழுதுபவரின் கவனக்குறைவு. 'தடுமாறு தொழிற்பெயர்' மிகப் பொருத்தமான கண்டுபிடிப்பு. ஆனால் புலி, யானை வகைக்கு மட்டுமே பொருந்தும், கவுன்சிலரின் தம்பியை அது தொடாது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' இருக்கிறது. தண்டியலங்காரத்தின் வழுப் பட்டியலில் 'கவர்படு பொருள்மொழி' இருக்கிறது. கவர் என்பது கிளை பிரிதல். கவர்வழி என்றால் இரண்டாகப் பிரியும் பாதை. இருபுறமும் எறிதல் என்ற கிரேக்கப் படிமத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் சொல்லால் வரும் ஐயத்தையும் அது உள்ளடக்கக்கூடும் என்பதால், அரிஸ்டாட்டில் பிரித்த கோட்டைக் காக்க நான் 'தொடர் மயக்கம்' என்றே எழுதுகிறேன். சொல்லால் வருவதைச் 'சொல் மயக்கம்' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.