பிள்ளை சொன்ன பிறகு வரும் சில வாரங்கள்

பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று, தனக்குத் தன் பாலினத்தார் மீதே ஈர்ப்பு வருகிறது என்றோ, தான் ஆணா பெண்ணா என்பதே தனக்குக் கேள்வியாக இருக்கிறது என்றோ வீட்டில் சொல்லிவிட்டால், எங்கள் தர்மபுரிப் பக்கம் பெற்றோர் உடனே ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். போனைப் பிடுங்குவார்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்கள், பெண் பிள்ளை என்றால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும்போது இவற்றில் ஒன்றிரண்டு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். பிள்ளை சொன்ன விஷயத்தைவிட, அடுத்த சில வாரங்களில் அவசரப்பட்டு எடுத்த முடிவுகள்தான் பல குடும்பங்களை உடைத்திருக்கின்றன. அந்த வாரங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். அப்பா தோட்டம் வைத்திருக்கிறார், தக்காளி மண்டியிலும் வேலை. பெண்ணுக்கு வயது 17, பிளஸ் டூ படிக்கிறாள். கூடப் படிக்கும் பெண் மீது தனக்குக் காதல் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா பயந்துபோய் அம்மாவிடம் சொல்ல, அம்மா அன்றிரவே அப்பாவிடம் சொல்ல, மறுநாள் தாய்மாமன் வீட்டுக்கும் போய்விட்டது. மாமன் கிளம்பி வந்து, "நம்ம பையன் இருக்கான்ல, தை மாசமே முடிச்சிடலாம்" என்றிருக்கிறார். ஆயா மந்திரிக்க ஆள் தேடியிருக்கிறார். பெண்ணை ஒரு வாரமாகப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போனதைப் பார்த்துத்தான் அம்மா என்னிடம் அழைத்து வந்தார்.

இப்படி வரும் பிள்ளையிடம் முதலில் தனியாகப் பேசுவேன். அதற்கு முன்னால், பெற்றோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒன்றைச் சொல்லிவிடுவேன். "நீ சொல்வது என்னோடு இருக்கும். உன் உயிருக்கு ஆபத்து என்றாலோ, உன்னை யாராவது பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியிருந்தாலோ மட்டும் என்னால் மறைக்க முடியாது." 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிய வந்தால் புகார் செய்தே ஆகவேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. ஒருவர் மீது ஈர்ப்பு இருப்பது குற்றமில்லை, அதை யாரிடமும் புகார் செய்யத் தேவையும் இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்த பிறகுதான் பிள்ளைகள் வாயைத் திறக்கிறார்கள்.

அப்புறம் நேராகவே கேட்பேன்: "செத்துடலாம்னு எப்பவாவது தோணிச்சா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அப்படி வருவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகள்தான் அதிகம். இந்தப் பெண், இரண்டு இரவு அப்படி நினைத்ததாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தது. அன்று மாலையே அப்பா அதை வீட்டிலிருந்து எடுத்துத் தோட்டத்துப் பம்புசெட் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டார். ஆயாவின் மாத்திரைகளை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். விவசாயக் குடும்பங்களில் நான் வேறு எதைச் சொல்வதற்கு முன்பும் இதைச் சொல்வேன். அந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது. கூடவே, இரவில் அக்கா அவள் அறையிலேயே படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். மனநல மருத்துவரிடமும் காட்டினோம், அவளது ஈர்ப்புக்காக அல்ல, தூக்கமும் சாப்பாடும் போனதற்காக.

அமெரிக்காவில் 2009ல் வெளியான ஓர் ஆய்வை அப்பாக்களிடம் நான் சொல்வதுண்டு. தன்பாலீர்ப்பு உள்ள இளைஞர்களில், பதின்ம வயதில் குடும்பத்தாரால் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள், அப்படி ஒதுக்கப்படாத அல்லது லேசாக மட்டும் ஒதுக்கப்பட்ட இதே போன்ற இளைஞர்களைவிட 8 மடங்குக்கும் மேல் தற்கொலை முயற்சியைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். ஊர் வேறு, வழக்கம் வேறு, உண்மைதான். ஆனால் வீட்டில் ஒதுக்கப்படும் பிள்ளையின் வலி இங்கே குறைந்துவிடாது.

இனி அப்பா. என் அறைக்கு வந்து கால் மணி நேரம் பேசவே இல்லை. பிறகு இரண்டு கேள்வி கேட்டார். "ஏதாச்சும் ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா தெரியுமா மேடம்?" "எம் பொண்ணு ஆம்பளையா மாறப் போறாளா?" இந்த இரண்டும் ஏறக்குறைய எல்லாத் தகப்பனும் கேட்பது, எரிச்சல்படாமல் பதில் சொல்ல வேண்டியது. ஈர்ப்பு யார் மீது என்பதைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அடுத்தது, யார் மீது ஈர்ப்பு என்பது ஒன்று, தன்னை ஆணாக உணர்கிறாளா பெண்ணாக உணர்கிறாளா என்பது வேறொன்று. இந்தப் பெண் தன்னைப் பெண்ணாகத்தான் உணர்கிறாள். அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"வயசுக் கோளாறா இருக்குமோ?" என்று அம்மா கேட்டார். மாறலாம், மாறாமலும் இருக்கலாம். இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் எதுவாக இருந்தாலும் இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றேதான் என்றேன்: பள்ளிக்கு அனுப்புங்கள், சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், அடிக்காதீர்கள்.

கல்யாணப் பேச்சு எங்கள் பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டிய ஆபத்து. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் 18க்கு முன் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. பெண் இப்படிச் சொல்லிவிட்டால் அந்தப் பழக்கத்துக்கு ஒரு சாக்கும் கிடைத்துவிடுகிறது. 17 வயதில் நடத்தினால் அது குற்றம், ஏற்பாடு செய்தவர்கள் மீதும் வழக்கு வரும் என்பதை மாமனுக்குச் சொல்லும்படி அப்பாவிடம் சொன்னேன். 18 ஆன பிறகும் இந்தக் கல்யாணம் ஈர்ப்பை மாற்றாது. அந்தப் பையனுடைய வாழ்க்கையும் சேர்ந்து கெடும் என்று சொன்னபோது அப்பா முதல் முறையாகத் தலையாட்டினார். மாமனிடம் என்ன சொல்வது என்று அம்மா தவித்தார். ஒரு வாக்கியத்தை அங்கேயே சொல்லிப் பார்த்துக்கொண்டோம்: "அவ பரீட்சை முடியட்டும் அண்ணா, அதுவரைக்கும் வீட்ல யாரும் எதுவும் பேச வேணாம்." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உறவினர்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் கடமை பெற்றோருக்கு இல்லை.

அப்பாவுக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. அந்தத் தோழியின் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று. இதை மட்டும் மிகக் கண்டிப்பாகத் தடுத்தேன். அந்தப் பெண் தன் வீட்டில் எதையுமே சொல்லியிருக்கவில்லை. நாம் போய்ச் சத்தம் போட்டால் அவளுக்கு அங்கே என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. யாருக்குச் சொல்வது என்பது சம்பந்தப்பட்ட பிள்ளை முடிவு செய்ய வேண்டியது. நம் வீட்டுப் பெண் விஷயத்திலேயே அது மீறப்பட்டிருந்தது. யார் யாருக்குத் தெரியும் என்பதை மறைக்காமல் மகளிடம் சொல்லிவிடுங்கள், மாமாவிடம் சொன்னதற்கு வருத்தமும் சொல்லுங்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். "பயத்துல சொல்லிட்டேன் பாப்பா, உன்னைக் கேட்டுருக்கணும்" என்று அம்மா சொன்ன பிறகுதான் அந்தப் பெண் என் முன்னால் முதல் தடவையாக அழுதாள்.

பொதுத்தேர்வு முடியும் வரைக்குமான ஒரு உடன்பாட்டோடு வீட்டுக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை முதல் பள்ளி. கல்யாணப் பேச்சு இல்லை. போன் தினமும் மாலை ஒரு மணி நேரம், யாரும் அதைத் திறந்து படிப்பதில்லை. எங்கே போகிறாள் என்பதை அவள் சொல்லிவிட்டுப் போவாள். அம்மா அவளிடம் இந்த விஷயத்தைப் பேச விரும்பினால் முதலில் "இப்பப் பேசலாமா?" என்று கேட்க வேண்டும். ஆயா விபூதி பூசினால் பூசட்டும், தாயத்துக் கட்டினாலும் பரவாயில்லை. பட்டினி போடுவது, புகை போடுவது, வேப்பிலையால் அடிப்பது எதுவும் கூடாது.

பாலின அடையாளம் பற்றிய கேள்வி வேறு மாதிரி. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், வயது 14, முடி வளர்க்க வேண்டும், வீட்டுக்குள் தன்னை வேறு பெயரில் கூப்பிட வேண்டும் என்றான். முடியும் பெயரும் வேண்டாமென்றால் நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடியவை, அதற்கு விட்டுக்கொடுப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இந்தப் பிள்ளைகளிடம் கவனிக்க வேண்டியது வேறு. தன்னைப் பெண்ணாக உணரும் சிலர் இணையத்தில் பார்த்துவிட்டு மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி ஹார்மோனாக நினைத்து விழுங்குகிறார்கள். அது ரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்படும் அபாயத்தைக் கூட்டும். தன்னைப் பையனாக உணரும் பெண் பிள்ளைகள் மார்பை இறுக்கித் துணி கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவதும் உண்டு. திட்டினால் இரண்டையும் மறைத்துத்தான் செய்வார்கள். "எதுவா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுச் செய்யலாம் கண்ணு" என்று சொல்லும் வீட்டில்தான் விஷயம் வெளியே வருகிறது.

மாற்றித் தருகிறேன் என்பவர்களைப் பற்றி. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி "குணப்படுத்தும்" முயற்சிகளுக்குத் தடை விதித்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் தேவை என்று ஓர் உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தத் தீர்ப்பை எழுதினார். தயங்கும் அப்பாக்களிடம் இதைச் சொல்வேன், கேட்டுத் தெரிந்துகொள்வதில் அவமானம் இல்லை என்பது அவர்களுக்குப் பிடித்துப் போகிறது. 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் இத்தகைய சிகிச்சையைத் தொழில் ஒழுக்க மீறலாக அறிவித்துவிட்டது.

அந்தப் பாலக்கோட்டுக் குடும்பம் எங்கே வந்து நிற்கிறது என்றால், பெண் பரீட்சை எழுதிவிட்டாள், எடை கூடியிருக்கிறாள். மாமன் வருவதைக் குறைத்துக்கொண்டார், அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு. அப்பா, "எனக்கு இது புடிக்கலை மேடம், ஆனா அவ படிக்கட்டும்" என்கிறார். சில மாதங்களில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இதை ஏற்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இரவு நேரமோ, வெளியே போக முடியாத நிலையோ என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கட்டாயக் கல்யாணம், அடி என்று போனால் பிள்ளையோ, தெரிந்தவர் யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடலாம். தனியார் ஆலோசகரிடம் போவதாக இருந்தால், பிள்ளையை அழைத்துப் போகும் முன் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதை மாத்த முடியுமா?" முடியும், இத்தனை வாரம் ஆகும், இவ்வளவு செலவாகும் என்று பதில் வந்தால் அங்கே போகாதீர்கள்.