சூடம் தடவிய நெஞ்சு: கைக்குழந்தைச் சளிக்கு எது ஆறுதல், எது ஆபத்து

"உள்ளுக்கு ஒண்ணும் கொடுக்கலையே டாக்டர், வெளியிலதானே தடவினோம்?"

ஐப்பசி மழை பிடித்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். இந்த முறை பொறுமை தீர்ந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பாட்டி வைத்தியம் முழுவதையும் குறைசொல்வது என் நோக்கமில்லை. அதில் பெரும்பாலானது ஒரு கெடுதலும் செய்யாது, சிலது நிஜமாகவே இதம் தரும். கைக்குழந்தையின் சளிக்குச் சூடத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தடவுவது அந்த வகை இல்லை. அது விஷம்.

சமீபத்தில் நடுராத்திரியில் ஏழு மாதக் குழந்தை ஒன்று வலிப்போடு வந்தது. இரண்டு நாளாக மூக்கடைப்பு, பால் குடிக்கச் சிணுங்கல், காய்ச்சல் இல்லை. வழியில் யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். மருந்து போட்டதும் வலிப்பு நின்றது. சர்க்கரை, கால்சியம் இரண்டும் சரியாக இருந்தன. காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு, அதுவரை வலிப்பே வராத குழந்தைக்கு, திடீரென்று ஏன் வர வேண்டும்? அடுத்த கட்டமாக மூளைக்கு ஸ்கேன், முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது என்று போயிருப்போம். சட்டையைக் கழற்றியபோது நர்ஸ்தான் முதலில் முகத்தைச் சுளித்தார். கோயில் பிரகாரத்தில் வரும் வாசனை. நெஞ்சு, முதுகு, உள்ளங்கால், மூக்கு நுனி எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டபோது, "ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வந்திருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் சூடம் மருந்தில் சேராது. இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: "என்ன தடவினீங்க, மூக்குல காதுல என்ன விட்டீங்க, ரூம்ல என்ன ஏத்தி வச்சீங்க" என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே கேள்வியில் விடை வராது.

பாட்டி செய்முறையைச் சொன்னார். ஒரு குழிக்கரண்டி தேங்காயெண்ணெய், நாலு சூட வில்லை, கரையும் வரை சூடு. சாயங்காலம் ஒரு தடவை, சளி குறையாததால் படுக்கும் முன் இன்னொரு தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைக்குக் கடை வில்லையின் அளவு மாறும். ஒரு வில்லை முக்கால் கிராம் என்று வைத்தால் நாலுக்கு 3 கிராம். குழிக்கரண்டிக்கு 15 மில்லி என்று வைத்தால் அந்த எண்ணெயின் எடை சுமார் 14 கிராம். ஆக அந்தக் கிண்ணத்தில் இருந்தது 17 சதவீதத்துக்கும் மேல் சூடம். அமெரிக்காவில் தோலில் தடவும் மருந்துகளில் சூடம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அங்கே ஒரு காலத்தில் 20 சதவீதச் சூட எண்ணெய் பாட்டிலில் விற்றது. விளக்கெண்ணெய் என்று நினைத்துக் குழந்தைகளுக்குப் புகட்டி விபரீதமானதால் 1982-ல் அதைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய அதே எண்ணெயைத்தான் நாம் அடுப்பில் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். சின்னக் குழந்தைக்கு 1 கிராம் சூடம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. அந்தக் கிண்ணத்து எண்ணெயில் ஒரு டீஸ்பூனிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கிறது.

இப்போது என்னை மிகவும் எரிச்சலூட்டும் அந்த 'வெளியிலதானே' விஷயம். தோல் மழைக்கோட்டு இல்லை. சூடம் கொழுப்பில் கரையும் பொருள், கொழுப்பில் கரைவது தோலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகும். நாமோ அதை எண்ணெயிலேயே கரைத்து, சூடாக்கி, தேய்த்து, மேலே துணி சுற்றிவிடுகிறோம். அது உள்ளே போக இதைவிட வசதி செய்து தர முடியாது. கைக்குழந்தையின் தோல் மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நம் நெஞ்சில் தடவினால் ஒன்றும் ஆகாத அளவு, அந்தச் சின்ன உடம்பில் வேறு கணக்கு. போதாததற்குக் குழந்தை கையை நெஞ்சில் தேய்த்து வாயில் வைக்கும். மூக்கு நுனியில் தடவியதை நக்கும். ஆவியையும் சுவாசிக்கும். ஆக வெளியில் தடவியது மூன்று வழியில் உள்ளே போகிறது. அதைச் சுத்திகரித்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலோ இன்னும் முழுத் திறனுக்கு வரவில்லை. மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும் சூடம் செய்யும் வேலை வலிப்பு.

அடுத்து வரும் பதில், "இயற்கையானதுதானே". இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பூஜைச் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. மரத்திலிருந்து எடுத்த அசலாகவே இருந்தாலும் விஷம் விஷம்தான். பச்சைக் கற்பூரமும் விலக்கில்லை. சர்க்கரைப் பொங்கலில் ஒரு கடுகளவு போடுவதும் குழந்தை நெஞ்சில் வில்லைக் கணக்கில் தேய்ப்பதும் ஒன்றாகாது.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாகச் சளி எப்படிக் கேட்டது? கேட்கவில்லை, தானாகப் போனது. சாதாரண வைரஸ் சளி ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். மூன்றாம் நாள் தடவி ஏழாம் நாள் குறைந்தால் பேர் சூடத்துக்கு. மூக்கு 'திறந்த' மாதிரி இருப்பதும் உணர்வு மட்டுமே. சூடம் மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அடைப்பு அப்படியேதான் இருக்கும். பெரியவர்களுக்கு அந்த உணர்வே நிம்மதி, தூக்கம் வரும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கைக்குழந்தைக்கோ காரமான ஆவி மூக்கைப் புண்ணாக்கிச் சளியைக் கூட்டும். சளிக்களிம்பு டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள், இரண்டு வயதுக்குக் கீழ் தடவாதீர்கள் என்று எச்சரித்திருக்கும். களிம்பை மூக்குத் துவாரத்துக்குள் எந்த வயதிலும் வைக்காதீர்கள்.

சரி, எதைச் செய்யலாம்? நிறையவே இருக்கிறது. வெறும் தேங்காயெண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுங்கள், சூடம் இல்லாமல். குழந்தை சுகமாகத் தூங்கும், பாட்டியின் கைக்கும் வேலை கிடைக்கும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து, 'நார்மல் சலைன்' என்று கேட்டு வாங்குங்கள். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன் ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. மூக்கு அடைத்த குழந்தை ஒரே மூச்சில் குடிக்காது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், துளசிச் சாறு, ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அதைத் தாண்டி வளர்ந்து, நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு இளஞ்சூட்டில் காரமில்லாத ரசம் தாராளமாகக் கொடுக்கலாம், சோறும் இறங்கும். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு இருமலுக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன் நிஜமாகவே உதவும். ஒரு வயதுக்கு முன் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

குளிக்க வைக்கும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமும். எண்ணெய் அந்த இருமலைக்கூடக் கிளப்பாமல் நுரையீரலுக்குள் வழுக்கிப் போய்த் தங்கிவிடும். மாதக்கணக்கில் 'சளி போகவே மாட்டேங்குது' என்று வரும் சில குழந்தைகளின் எக்ஸ்ரேயில் தெரிவது இந்த எண்ணெய் நிமோனியா. தொக்கம் எடுப்பது, தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, கொதிக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்து ஆவி பிடிப்பது: இவை பற்றி விளக்கமே வேண்டியதில்லை, வேண்டாம்.

எந்த வைத்தியமாக இருந்தாலும், 'நெஞ்சுச்சளியைக் கரைக்கும், நிமோனியா வராது' என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நில்லுங்கள். ஆறுதல் தருவது வேறு, நுரையீரல் நோயைத் தடுப்பதாகச் சொல்வது வேறு. நெஞ்சில் கர்கர் சத்தம் கேட்பதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள், அது பெரும்பாலும் மூக்குச் சளியின் சத்தம். மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் வயிறு எழுந்து தாழ்வதை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகும், கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ் உள்வாங்கினால், பால் குடிக்க முடியாமல் போனால், உதடு நீலம் பாரித்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குக் கீழ் 100.4 டிகிரி காய்ச்சல் என்றால், வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் வர வேண்டும்.

ஏற்கெனவே சூடம் தடவிவிட்டீர்களா? சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், சட்டையை மாற்றுங்கள். தவழும் பிள்ளை வில்லையைக் கல்கண்டு என்று வாயில் போட்டுக்கொள்வதும் நடக்கிறது, பூஜைத் தட்டைத் தரையிலிருந்து எடுங்கள். தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் புகட்டாதீர்கள், குழந்தை நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். முன்னறிவிப்பே இல்லாமல், சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், சாவியைத் தேடி நேரம் வீணாக்காதீர்கள், கிளம்புங்கள்.

அந்த ஏழு மாதக் குழந்தையைக் குளிப்பாட்டி ஒரு நாள் கண்காணிப்பில் வைத்தோம். மறுபடி வலிப்பு வரவில்லை, நீண்ட நாள் வலிப்பு மாத்திரையும் தேவைப்படவில்லை. ஸ்கேனும் முதுகு ஊசியும் தப்பியது பாட்டி ஒளிக்காமல் சொன்னதால்தான். பல வீடுகளில் டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைத்துவிடுகிறார்கள். அதில் எங்கள் ஆட்களின் வாய்க்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுங்கள் பாட்டி. என்ன தடவினீர்கள், எத்தனை வில்லை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மிச்ச எண்ணெய் இருந்தால் மூடி போட்டுக் கையோடு எடுத்து வாருங்கள்.